கடைசிப் பக்க நன்றி: பெயர் சொல்லாமல் எப்படிச் சொல்வது?

(ஒலிப்பதிவில் பேசியதை எழுத்தாக்கி, திரும்பத் திரும்ப வந்ததை மட்டும் வெட்டியிருக்கிறோம்.)

மதுரையில இருந்து பேசுறேன். வெளியில மாடு கத்துற சத்தம் கேட்டா கண்டுக்காதீங்க, ஜன்னலை மூடினா இந்த வெயிலுக்கு உட்கார முடியாது.

இன்னிக்கு எடுத்திருக்கிற விஷயம் ரொம்பச் சின்னது. ஒரு ஆய்வு அறிக்கையோட கடைசியில நாலு வரி இருக்கும்ல? "இந்த ஆய்வில் பங்கேற்று ஒத்துழைத்த அனைவருக்கும் நன்றி"ன்னு. யாரும் படிக்காத வரின்னுதான் நானும் நினைச்சிருந்தேன். போன மாசம் என் சித்தி பொண்ணு அந்த நாலு வரியைக் கொண்டுவந்து காட்டுற வரைக்கும்.

அவ எம்.எஸ்.டபிள்யூ. ரெண்டாம் வருஷம். மதுரையைச் சுத்தி மல்லி விளையுற கிராமங்கள் நிறைய இருக்கு, தெரியும்ல. அதுல மூணு ஊர்ல, வீட்டுல உட்கார்ந்து பூ கட்டுற பெண்கள் எங்க கடன் வாங்குறாங்க, எப்படிக் கட்டுறாங்கன்னு சர்வே எடுத்திருந்தா. அறிக்கை முடிஞ்சிருச்சு, பைண்டிங்குக்குப் போகணும். "அண்ணே, கடைசிப் பக்கம் மட்டும் எழுத்துப்பிழை பாத்துக் குடுண்ணே"ன்னு கேட்டா. அவ எழுதியிருந்ததை அப்படியே படிக்கிறேன்:

"இந்த ஆய்விற்கு எவ்வித எதிர்பார்ப்புமின்றி ஒத்துழைப்பு நல்கிய 64 சகோதரிகளுக்கும் மனமார்ந்த நன்றி. குறிப்பாக, கணவரை இழந்து, 67 வயதிலும் பூக்கட்டி, வாங்கிய கடனுக்கு வாரம் தவறாமல் வட்டி செலுத்திவரும் கோயில் தெரு அம்மா அவர்களுக்கும், எங்களை ஊருக்குள் அழைத்துச் சென்று அறிமுகம் செய்த சுய உதவிக் குழுத் தலைவி அவர்களுக்கும் என்றும் கடமைப்பட்டுள்ளேன்."

எழுத்துப்பிழை ஒண்ணும் இல்ல. மனசார எழுதியிருக்கா, அதுலயும் சந்தேகம் இல்ல. ஆனா இந்தப் பத்தியில மூணு தப்பு இருக்கு. அதுல ஒண்ணு அந்த அம்மாவை மாட்டி விட்டிருக்கும். ஒவ்வொண்ணா பார்ப்போம்.

முதல் தப்பு: நன்றியே காட்டிக் கொடுக்கிறது

அறிக்கைக்குள்ள அவ ஜாக்கிரதையாத்தான் இருந்தா. ஊர்ப் பெயரே இல்ல. ஊர் அ, ஊர் ஆ, ஊர் இ. ஆட்களுக்குப் பங்கேற்பாளர் 1, 2, 3ன்னு நம்பர். நல்ல விஷயம்.

இப்போ நான் ஒரு வெளியாள் மாதிரி படிச்சேன். நன்றி பத்தியில இருந்து கிடைச்சது: 67 வயசு, விதவை, கோயில் தெரு, வட்டிக் கடன். அப்புறம் நாலாவது அத்தியாயத்துல ஒரு அட்டவணை, ஊர் வாரியா, வயசு வாரியா, யார்கிட்ட கடன்னு பிரிச்சுப் போட்டது. ஊர் இ-ல 60 வயசுக்கு மேல ரெண்டே பேர். அந்த ரெண்டு பேர்ல தனியார் வட்டிக்காரர்கிட்ட கடன் வாங்கினவங்க ஒரே ஒருத்தர். மத்த ரெண்டு ஊர்ல அந்த வயசுல அப்படி யாருமே இல்ல. ஆக, நன்றி சொன்ன அம்மா ஊர் இ. அடுத்தது ஐந்தாவது அத்தியாயம். அங்க பேட்டியில இருந்து சில வாக்கியங்களை அப்படியே எடுத்துப் போட்டிருந்தா. பங்கேற்பாளர் 41, 60 வயசுக்கு மேல, ஊர் இ: "ரேஷன் கார்டு அவர்கிட்டதான் இருக்கு. அசல் கட்டினாத்தான் தருவேங்கிறார்."

முடிஞ்சுது. மூணு தாவல்ல ஆள் யார்னு தெரிஞ்சுருச்சு. டேட்டாபேஸ் தெரிஞ்சவங்களுக்கு இது வெறும் ஜாயின். தனித்தனியா பார்த்தா எந்த டேபிள்லயும் பெயர் இல்ல. ஆனா ரெண்டு டேபிளுக்கும் பொதுவா ரெண்டு காலம் இருந்தா போதும், ஒட்ட வைக்கலாம். நன்றி பத்தியும் ஒரு டேபிள்தான்கிறதை நாம மறந்துடுறோம். அதுல ஒரே ஒரு ரோ இருக்கு, அவ்வளவுதான்.

"யாருண்ணே இதெல்லாம் உட்கார்ந்து கோத்துப் பாக்கப் போறா?"ன்னு கேட்டா. நியாயமான கேள்வி. நான் திருப்பிக் கேட்டேன்: "இதுல ஒரு பிரதி யாருக்குக் குடுக்கப் போற?" குழுத் தலைவிக்கு ஒண்ணு தர்றதா ஏற்கனவே பேச்சு. சரி, பைண்டிங் பண்ணின புத்தகம் ஒண்ணு ஊருக்குள்ள போகுது. உள்ள அட்டவணை எல்லாம் இங்கிலீஷ். தமிழ்ல இருக்கிறது நன்றி பக்கமும் பேட்டி வாக்கியங்களும்தான். ஊர்ல எந்தப் பக்கத்தை முதல்ல திறப்பாங்க? "நம்ம பேரு வந்திருக்கா"ன்னு நன்றி பக்கத்தைத்தான். நாம யாரும் படிக்கிறதில்லன்னு நினைக்கிற பக்கம், அந்த ஊர்ல எல்லாரும் படிக்கிற பக்கம்.

வட்டிக்கு விடுறவரும் அதே ஊர்க்காரர். ரேஷன் கார்டைப் பிடிச்சு வெச்சிருக்கிற விஷயம் எழுத்துல வந்துருச்சு, சொன்னது யார்னும் தெரிஞ்சுருச்சுன்னா அடுத்த வாரம் அந்த அம்மா வீட்டு வாசல்ல என்ன நடக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. தமிழ்நாட்டுல அநியாய வட்டிக்கு எதிரா 2003லயே தனிச் சட்டம் வந்துருச்சு. சட்டம் இருக்கிறதாலதான் வட்டிக்காரருக்கும் இது சாதாரணப் புகார் இல்ல.

ஊர் பெரிசா இருந்தா?

இதுக்கு நம்ம ஊர்லயே ஒரு நல்ல உதாரணம் இருக்கு. சாரா டிக்கின்னு ஒரு அமெரிக்க மானுடவியலாளர். 1980களோட நடுவுல மதுரைக்கு வந்து, இங்க உழைக்கிற மக்கள் சினிமா பார்க்கிறதைப் பத்தி ஆராய்ச்சி பண்ணி 1993ல ஒரு புத்தகம் போட்டாங்க. அப்புறமும் திரும்பத் திரும்ப வந்து, அதே குடும்பங்களோட வருஷக்கணக்கா பழகி, 2016ல நகரத்து வர்க்க வாழ்க்கையைப் பத்தி இன்னொரு புத்தகம். அதுல மதுரைங்கிற பெயர் அப்படியே இருக்கு. ஆட்களோட பெயர்கள் மட்டும் மாற்றுப் பெயர்கள்.

இது ஏன் இங்க செல்லுபடியாகுது? மதுரை பத்து லட்சத்துக்கு மேல ஜனம் இருக்கிற ஊர். "மதுரையில ஒரு ஆட்டோ ஓட்டுநர்"னு சொன்னா ஆயிரக்கணக்கானவங்க இருக்காங்க, அந்தக் கூட்டத்துக்குள்ள ஒருத்தர் மறைஞ்சுக்கலாம். "ஊர் இ-ல கோயில் தெருவுல 67 வயசு விதவை"ன்னு சொன்னா மறைஞ்சுக்கக் கூட்டமே இல்ல. பெயரை மறைச்சோமாங்கிறது ரெண்டாவது கேள்வி. அதே அடையாளத்தோட இன்னும் எத்தனை பேர் இருக்காங்கங்கிறதுதான் முதல் கேள்வி.

கிராமத்துல இது தப்பாப் போனதுக்கும் உதாரணம் இருக்கு. நான்சி ஷெப்பர்-ஹ்யூஸ்னு இன்னொரு மானுடவியலாளர், 1970கள்ல அயர்லாந்துல ஒரு சின்னக் கிராமத்துல தங்கி, அங்க இருந்த மனநோய், குடும்பச் சிக்கல் பத்தியெல்லாம் எழுதினாங்க. 1979ல புத்தகம் வந்தது. கிராமத்துக்கு "பாலிப்ரான்"னு கற்பனைப் பெயர் வெச்சிருந்தாங்க. ஆனா எந்த ஊர்னு பத்திரிகைக்காரங்க கண்டுபிடிச்சாங்க. ஊர்க்காரங்களோ, எந்தக் கதை எந்த வீட்டுதுன்னே தெரிஞ்சு வெச்சிருந்தாங்க. இருபது வருஷம் கழிச்சு 1999ல அவங்க திரும்பிப் போனப்போ, ஊரை விட்டுப் போகச் சொல்லிட்டாங்க. மாற்றுப் பெயர் தூரத்துல இருக்கிற நமக்குத்தான் மறைக்கும். பக்கத்து வீட்டுக்காரருக்கு மறைக்காது. ஆபத்து பெரும்பாலும் பக்கத்து வீட்டுல இருந்துதான் வரும்.

எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கண்ணால தேட வேண்டாம். அவளோட எக்செல் ஷீட்டை வாங்கி, பைத்தான்ல ரெண்டு வரி ஓட்டினேன். பேச்சுல படிச்சா புரியாதுங்கிறதால இங்க அப்படியே போடுறேன்:

```python
g = df.groupby(["village", "age_group", "loan_source"]).size()
print(g[g < 5])
```

ஊர், வயசு, கடன் எங்க வாங்கினாங்க, இந்த மூணும் ஒரே மாதிரி இருக்கிறவங்களை ஒரு குவியலாக்கி எண்ணச் சொல்றோம். அஞ்சு பேருக்குக் கீழ இருக்கிற குவியலை மட்டும் காட்டச் சொல்றோம். அஞ்சுங்கிறது சாமி கொடுத்த வரம் இல்ல, சும்மா ஒரு நடைமுறைக் கோடு. சிலர் பத்துன்னு வெப்பாங்க. 1ன்னு வர்ற வரிதான் முக்கியம், அந்த இடத்துல ஒரு ஆள் தனியா நிக்கிறார்னு அர்த்தம். கோடிங் தெரியாதவங்க எக்செல்ல பிவட் டேபிள் போட்டாலும் இதே விடைதான்.

அவளோட ஷீட்ல அஞ்சுக்குக் கீழ நிறையக் குவியல் வந்தது. 60 பேரை மூணு ஊரா, நாலு வயசுப் பிரிவா, நாலு வகைக் கடனாப் பிரிச்சா 48 கட்டம். ஒரு கட்டத்துக்குச் சராசரியா ஒண்ணே கால் ஆள். அப்படி இருக்கும்போது யாருமே மறைய முடியாது. அதனால அந்த அட்டவணையை ரெண்டா உடைச்சோம். ஊர் வாரியா கடன் ஒரு அட்டவணை, மூணு ஊரையும் சேர்த்து வயசு வாரியா கடன் இன்னொரு அட்டவணை. வயசுப் பிரிவையும் நாலுல இருந்து ரெண்டாக்கினோம். அவளோட முடிவு எதுவும் மாறல, ஏன்னா ஊரும் வயசும் சேர்ந்த கட்டத்தை வெச்சு அவ எந்த முடிவும் சொல்லவே இல்ல. பேட்டி வாக்கியங்கள்ல பங்கேற்பாளர் நம்பரையும் ஊரையும் எடுத்தாச்சு. நன்றியில இருந்து வயசு, தெரு, விதவை, வட்டி நாலும் போச்சு.

உடைச்ச பிறகும் ஒரு தடவை சரிபார்க்கணும். சில சமயம் ரெண்டு அட்டவணையோட கூட்டுத்தொகையைக் கழிச்சுப் பார்த்தாலே மறைச்ச கட்டம் வெளிய வந்துடும்.

குழுத் தலைவி பெயரைச் சொல்லலாமா?

இதுதான் எங்களுக்குள்ள சண்டை வந்த இடம். "அந்தக்கா இல்லாட்டி ஒரு வீட்டுக்குள்ளயும் விட்டிருக்க மாட்டாங்கண்ணே. அவங்களைச் சொல்லாம எப்படி?" அவ சொல்றதுல நியாயம் இருக்கு. அந்தக்காவுக்கும் பெயர் வர்றதுல ஆட்சேபம் இல்ல.

மருத்துவ இதழ்களோட ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு சர்வதேசக் குழு வெச்சிருக்காங்க. அவங்க விதிமுறையில நன்றிப் பகுதியில ஒருத்தர் பெயரைப் போடணும்னா அவங்ககிட்ட எழுத்துல சம்மதம் வாங்கச் சொல்றாங்க. காரணம், பெயர் வந்தா, அந்த ஆய்வோட முடிவுகளை அவரும் ஏத்துக்கிட்டார்னு படிக்கிறவங்க நினைப்பாங்க. இங்க அது எவ்வளவு பொருந்துது பாருங்க. ஊர்ல வட்டிக்காரர்கள் ரேஷன் கார்டைப் பிடிச்சு வெச்சிருக்காங்கன்னு சொல்ற அறிக்கையில அந்தக்கா பெயர். நாளைக்கு "நீதான் கூட்டிட்டு வந்து சொல்ல வெச்சியா"ன்னு கேட்பாங்க.

அதை அவங்க தாங்கிக்கத் தயார்னே வெச்சுப்போம். இன்னொரு சிக்கல் இருக்கு. அவங்க பெயர் வந்தா ஊர் இ எதுன்னு தெரிஞ்சுரும். ஊர் தெரிஞ்சா உள்ள பேசின இருபது பேரோட வேலியில பாதி இடிஞ்சுரும். தன் பெயரைக் கொடுக்க அவங்களுக்கு உரிமை இருக்கு. மத்தவங்களோட ஊரைக் கொடுக்க இல்ல. கடைசியில என்ன முடிவு பண்ணினோம்னா, அறிக்கையில "அறிமுகம் செய்து வைத்த உள்ளூர்ப் பெண்களுக்கு நன்றி"ன்னு பொதுவா ஒரு வரி. அந்தக்காவுக்குத் தனியா, அவ கையெழுத்துல ஒரு கடிதம். அதுல பெயர் சொல்லி, என்ன உதவி பண்ணினாங்கன்னு விவரமா எழுதி நேர்ல கொடுத்தா. அவங்க அதை ஃப்ரேம் போட்டு வெச்சிருக்காங்களாம்.

பெயரை மறைக்கிறது எப்பவுமே சரின்னு நான் சொல்ல வரல. நேரெதிர் உதாரணமும் மதுரையிலயே இருக்கு. ஆனந்த் பாண்டியன்னு ஒரு மானுடவியலாளர், தன்னோட தாத்தா எம். பி. மாரியப்பனோட வாழ்க்கையைக் கேட்டு எழுதினார். பர்மாவுல இருந்து போர்க்காலத்துல திரும்பி வந்து, பின்னாடி மதுரையில பழ வியாபாரம் பண்ணினவர் அந்தத் தாத்தா. தமிழ்ல "மிச்சம் மீதி"ன்னு வந்தது, ஆங்கிலத்துல 2014ல. அதுல தாத்தா தகவல் கொடுத்தவரா நன்றி பக்கத்துல ஒரு வரியில நிக்கல. அட்டையிலயே இணை ஆசிரியரா இருக்கார். தன் கதையைத் தானே சொல்லி, தன் பெயரோட வரணும்னு ஒருத்தர் சம்மதிச்சா, மறைக்கிறதுதான் அநியாயம். அவர் சொல்றது அவரைத் தவிர வேற யாரையும் மாட்டி விடுதான்னு மட்டும் பார்க்கணும்.

இரண்டாவது தப்பு: எண்ணிக்கை

அவ எழுதினது "64 சகோதரிகள்". ஆனா எல்லா அட்டவணையிலயும் கூட்டுத்தொகை 60. வைவாவுல ஒரு பேராசிரியர் இதைப் பிடிச்சா, "அந்த நாலு பேரை எங்க ஒளிச்சு வெச்சிருக்கே"ன்னுதான் முதல் கேள்வி வரும்.

ஒளிக்கல. கள நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தோம். மொத்தம் 71 வீட்டுக் கதவைத் தட்டியிருக்கா. 7 பேர் பேச மாட்டேன்னுட்டாங்க. 64 பேர் சம்மதிச்சாங்க. அதுல 4 பேர் பாதியில நிறுத்திட்டாங்க. ஒருத்தருக்குப் பூ ஏத்துற வண்டி வந்துருச்சு, ஒருத்தர் வீட்டுல புருஷன் வந்ததும் பேச்சு நின்னுருச்சு, மத்த ரெண்டு பேர் கடன் கேள்வி வந்ததும் போதும்னுட்டாங்க. 60 பேர் கடைசி வரைக்கும் பேசினாங்க.

நன்றி யாருக்கு? பாதியில நிறுத்தினவங்களும் நேரம் கொடுத்தவங்கதான். அவங்களை விட்டுடக் கூடாது. ஆனா 60ங்கிற இடத்துல 64ன்னு போடவும் கூடாது. ரெண்டையும் சொல்லிட்டா நன்றியும் முழுசாகும், கணக்கும் நேராகும். அந்த நாலு பேர்ல ரெண்டு பேர் கடன் கேள்வியில நிறுத்தினாங்கங்கிறது ஆய்வுக்கே முக்கியமான தகவல். ரொம்பக் கஷ்டத்துல இருக்கிறவங்களே பேசாமப் போயிருக்கலாம், அப்படின்னா அவளோட கணக்கு கடன் சுமையைக் குறைச்சுக் காட்டுது. அதை நன்றி பத்தியில இல்ல, ஆய்வின் வரம்புகள்னு வர்ற பகுதியில எழுதச் சொன்னேன்.

மூன்றாவது தப்பு: "எவ்வித எதிர்பார்ப்புமின்றி"

இந்த வரியை எத்தனை தீசிஸ்ல பார்த்திருப்பீங்க! யார் ஆரம்பிச்சாங்களோ, எல்லாரும் காப்பி பண்றோம். நான் அவகிட்ட கேட்டேன், "நிஜமாவே யாரும் எதையும் எதிர்பார்க்கலையா?" கொஞ்ச நேரம் யோசிச்சா. "இல்லண்ணே. பாதிப் பேர் 'லோன் கிடைக்குமா கண்ணு'ன்னுதான் முதல்ல கேட்டாங்க."

கேட்கத்தான் செய்வாங்க. ஒரு படிச்ச பொண்ணு ஃபைலோட வந்து, கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவுன்னு கேட்டா வேற என்ன நினைப்பாங்க? அவ ஒவ்வொரு தடவையும் "இல்லத்தா, இது காலேஜ் படிப்புக்கு, இதால லோன் வராது"ன்னு சொல்லியிருக்கா. சொன்ன பிறகும் பேசினாங்க. அதுதான் நிஜமா நன்றிக்குரிய விஷயம். "எதிர்பார்ப்பின்றி"ன்னு எழுதினா அது அப்படியே காணாமப் போயிடுது.

அவங்க என்ன கொடுத்தாங்கன்னும் சரியாச் சொல்லணும். ஆளுக்கு நாற்பது நிமிஷம். பூ கட்டுறவங்களுக்குக் கட்டின அளவுக்குத்தான் கூலி. கை நின்னா காசு நின்னுரும். அதனால கட்டிக்கிட்டேதான் பேசினாங்க, ஆனா வேகம் குறையத்தான் செஞ்சிருக்கும். ஐ.சி.எம்.ஆர். 2017ல போட்ட ஆய்வு நெறிமுறைகள்ல, பங்கேற்கிறவங்களுக்குப் போக்குவரத்துச் செலவு, இழந்த கூலி இதையெல்லாம் ஈடு செய்யலாம்னு இருக்கு. அவகிட்ட அதுக்குப் பணம் இல்ல. சரி, இல்லன்னா இல்லன்னு எழுதலாமே. ஒத்துழைப்பு "நல்கினார்கள்"னு சொல்றதை விட, கூலி நேரத்துல நாற்பது நிமிஷம் கொடுத்தாங்க, நாங்க ஈடு எதுவும் தரலன்னு எழுதினா, படிக்கிறவருக்கு உண்மை போய்ச் சேரும்.

முடிவைத் திருப்பிக் கொடுக்கிறது

இதை யோசிச்சப்போ எனக்கு ஞாபகம் வந்தது மதுரையோட தொடர்புள்ள ஒரு பழைய மருத்துவ ஆய்வு. மதுரை அரவிந்த் குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் ரஹமத்துல்லாவும் கூட்டாளிகளும், திருச்சிப் பக்கக் கிராமங்கள்ல 15,419 சின்னக் குழந்தைகளை வெச்சு செஞ்சது. 1990ல நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ்ல வந்தது. ஒரு வருஷம், வாரா வாரம் தன்னார்வலர்கள் வீட்டுக்கே போய் மருந்து கொடுத்தாங்க. பாதிக் குழந்தைகளுக்குச் சின்ன அளவு வைட்டமின் ஏ-யும், கூட வைட்டமின் இ-யும். மீதிப் பேருக்கு வைட்டமின் இ மட்டும். யாருக்கு எதுன்னு குடும்பத்துக்கும் தெரியாது, கொடுக்கிறவருக்கும் தெரியாது. முடிவு: வைட்டமின் ஏ கிடைச்ச பக்கம் இறப்பு 54 சதவீதம் குறைவு.

இந்தக் கணக்கை ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. 54 சதவீதம் குறைவுன்னு சொல்ல முடிஞ்சதே, இன்னொரு பக்கத்துல வைட்டமின் ஏ இல்லாம நின்ன குழந்தைகள் இருந்ததாலதான். ஆரம்பிக்கும்போது எது வேலை செய்யும்னு தெரியாது, அதனாலதான் ஆய்வே. ஆனா முடிஞ்ச பிறகு அந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்கு எந்த வார்த்தையில நன்றி சொல்வீங்க? "மனமார்ந்த"ங்கிற சொல் அங்க போதுமா? என்கிட்ட பதில் இல்ல. ஒண்ணு மட்டும் தோணுது. அவங்க கொடுத்ததை வெச்சு என்ன தெரிஞ்சதுன்னு அவங்களுக்குப் புரியுற மொழியில போய்ச் சொல்றது, குறைஞ்சபட்சம் நாம பட்ட கடன்.

அதனால அவளோட நன்றியில ஒரு வாக்குறுதியும் சேர்த்தோம்: முடிவை ஒரே பக்கத்துல, பேச்சுத் தமிழ்ல எழுதி, மூணு ஊருக்கும் போய் வாசிச்சுக் காட்டுறதுன்னு. எழுதிட்டா செய்யணும். செய்ய முடியாதுன்னா எழுதக் கூடாது.

கடைசியில் வந்த நாலு வரி

எல்லாம் போக, அச்சுக்குப் போனது இதுதான்:

"இந்த ஆய்வுக்காக மூன்று ஊர்களில் 71 வீடுகளின் கதவைத் தட்டினேன். 64 பேர் பேசச் சம்மதித்தார்கள். 60 பேர் கடைசிக் கேள்வி வரை பேசினார்கள். அட்டவணைகளில் இருப்பது அவர்களுடைய பதில்கள். பாதியில் நிறுத்திய 4 பேரின் நேரத்துக்கும் நன்றி. இதனால் கடன் கிடைக்காது என்று தெரிந்த பிறகும், பூக்கட்டும் கூலி நேரத்தில் ஆளுக்குச் சுமார் 40 நிமிடம் கொடுத்தார்கள். அதற்கு நான் ஈடு எதுவும் தரவில்லை. அறிமுகம் செய்து வைத்த உள்ளூர்ப் பெண்களுக்கும் நன்றி. யாருக்கும் தொல்லை வரக் கூடாது என்பதால் பெயரையும் ஊரையும் எழுதவில்லை. முடிவுகளை மூன்று ஊர்களிலும் தமிழில் வாசித்துக் காட்டுவேன்."

நாலு வரின்னு சொல்லிட்டு பத்து வாக்கியம் ஆயிருச்சு. பரவாயில்ல. கைடு பார்த்துட்டு, "நன்றியுரை மாதிரியே இல்லையேம்மா"ன்னு சொன்னாராம். ஆனா மாத்தச் சொல்லல.

போன ஞாயித்துக்கிழமை ஊர் இ-க்கு அவகூட நானும் போனேன். வண்டி ஓட்ட ஆள் வேணும்ல. மொத்தமா ஒரு வீட்டுத் திண்ணையில உட்கார வெச்சு வாசிச்சா. எல்லாரும் கட்டிக்கிட்டே கேட்டாங்க. முடிஞ்சதும் அந்த அம்மா மட்டும் தனியா வந்து, "எம்பேரு வந்திருக்கா?"ன்னு கேட்டாங்க.

"இல்லத்தா, யாரு பேரும் வரல. போட்டா உங்களுக்குத்தான் தொந்தரவு"ன்னு இவ சொன்னா.

அந்த அம்மா முகம் கொஞ்சம் வாடித்தான் போச்சு. அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்டாங்க: "ரேசன் கார்டு சங்கதி?"

"அது இருக்குத்தா. யாரு சொன்னா, எந்த ஊருன்னு இல்ல."

"அது இருக்கட்டும்"னு சொல்லிட்டு, ஒரு முழம் பூவைக் கிள்ளி அவ கையில வெச்சுட்டுப் போயிட்டாங்க.

உங்க ப்ராஜெக்ட், தீசிஸ், இல்ல ஆபீஸ்ல எடுத்த யூசர் சர்வே, எதுவா இருந்தாலும் கடைசிப் பக்கத்தை ஒரு தடவை திறந்து, உங்க அட்டவணையோட சேர்த்து வெச்சுப் படிங்க. யாராவது தனியா நிக்கிறாங்களான்னு பாருங்க. நின்னா, என்ன மாத்தினீங்கன்னு எனக்கு எழுதுங்க. ஆளோட பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம். அடுத்த எபிசோடுல சந்திப்போம்.